வருஷா வருஷம் தண்ணி, வருஷா வருஷம் ஈஎம்ஐ

கேள்வி: சார், கிரவுண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருக்கோம். போன வாரம் பெய்ஞ்ச மழைல வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை எல்லாம் போச்சு. போன வருஷமும் இதே கதைதான், அப்ப வாங்கின பொருளுக்கு 18 மாச ஈஎம்ஐ, வாடகைல பாதி, இன்னும் 6 மாசம் பாக்கி. மச்சான் மறுபடியும் நோ காஸ்ட் ஈஎம்ஐல மொத்தமா வாங்கிடலாம்ங்குறான், ஆறு மாச வாடகை அளவு ஆகும். ஓனர்கிட்ட போன்ல சொன்னேன், பாக்கலாம்னாரு. இப்ப சொந்தக்காரங்க வீட்ல இருக்கோம். நஷ்டத்த யார்கிட்ட கேக்குறது, அதுவரைக்கும் என்ன பண்றது?

பதில்: முதல்ல மச்சான கொஞ்சம் நிப்பாட்டி வைங்க. உங்கள கடிக்கிறது மழை இல்ல, தண்ணி வடிஞ்ச உடனே கடன்ல வாங்கி அதே தரைல கொண்டு போய் வைக்கிறீங்க பாருங்க, அதுதான்.

வாடகைய 10 பங்குன்னு வச்சுக்குவோம். பழைய ஈஎம்ஐ மாசம் 5, இன்னும் ஆறு மாசம். புதுசு 60 பங்கு, 18 மாசத்துக்கு பிரிச்சா மூணரை கிட்ட வரும், ஃபீஸ் அது இதுன்னு சேத்து 4னு வைங்க. அப்ப அடுத்த ஆறு மாசம் வாடகையோட சேத்து மாசம் 19 போகும், கிட்டத்தட்ட ரெண்டு வீட்டு வாடகை. நோ காஸ்ட்ங்குறதும் பெரும்பாலும் ரொக்கமா வாங்கினா கிடைக்கிற தள்ளுபடிய உங்களுக்கு குடுக்காம எடுத்துக்குறதுதான், ரெண்டு விலையையும் கேட்டுப் பாருங்க தெரியும்.

இன்னொரு கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை 60 பங்கு தண்ணில போகுதுன்னா மாசத்துக்கு 5. அப்ப உங்க வீட்டு உண்மையான வாடகை 10 இல்ல, 15. மாடி வீட்டுக்கு 12 கேட்டாங்கன்னா மாசம் 2 கூட, வருஷத்துக்கு 24, வீடு மாத்துற செலவு ஒரு 10 போட்டாலும் மொத்தம் 34தான். கம்மி வாடகைன்னு நினைச்சு இருக்குற வீடுதான் காஸ்ட்லி.

நஷ்டத்துக்கு வருவோம். சுவர், வயரிங், மோட்டார் பம்ப் மாதிரி கட்டடத்தோட சேந்தது ஓனர் பொறுப்பு, உங்க சாமான் பொதுவா உங்க பொறுப்பு, ஓனர் இன்சூரன்ஸ் வச்சிருந்தாலும் அது பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான். ஆனா வடிகால் அடைச்சிருக்குன்னு முன்னாடியே நீங்க எழுதி சொல்லியும் அவரு சரி பண்ணலன்னா உங்க சாமானுக்கும் கேக்க ஒரு பிடி இருக்கு. அதனாலதான் போன்ல சொன்னது போதாதுங்குறேன், போன வருஷமே மெசேஜா அனுப்பியிருந்தா இன்னைக்கு அது கையில சாட்சியா இருந்திருக்கும். இப்பவாவது தேதி, தண்ணி வந்த நேரம், சுவர்ல தண்ணி நின்ன கோட்டுக்கு பக்கத்துல டேப் வச்சு எடுத்த போட்டோ, எந்த ரூம்ல எவ்ளோ உயரம்னு எழுதி அனுப்புங்க. எதையும் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஃப்ரிட்ஜ்ல சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் சேத்து.

எல்லாம் போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. மோட்டார், கம்ப்ரஸர் கீழ இருக்குறதால அதுதான் முதல்ல நனையும், ஆனா சுவிட்ச் போடாம இருந்தா மெக்கானிக் கழட்டி காயவச்சு செக் பண்ணி சில சமயம் கம்மி செலவுலயே மீட்டுருவாரு. ஈரத்தோட ப்ளக் போட்டுப் பாத்தா மிச்சம் இருக்குறதும் கருகிடும், ஷாக் வேற அடிக்கும். மெத்தைய விட்ருங்க, சாக்கடை கலந்த தண்ணி அது. அழுத்தின மரத்தூள் பலகைல செஞ்சதும் உப்பிப் போயிருக்கும், தேறாது. இரும்புக் கட்டில், கெட்டி மரம்னா கழுவி காயவச்சா தேறிடும். இப்படி பிரிச்சுப் பாத்தா 60 பங்கு லிஸ்ட் பாதியா குறைஞ்சாலும் ஆச்சரியம் இல்ல.

இருக்க முடியாம போன நாளுக்கு வாடகைல கழிக்கச் சொல்லி எழுதிக் கேளுங்க. 12 நாள்னா 10 பங்குல 4 பங்கு. ஓனர் ஒத்துக்கிட்டா அதையும் எழுத்துல வாங்கிக்குங்க, அவரு சம்மதிக்காம நீங்களா வாடகைய நிறுத்தாதீங்க, நியாயம் உங்க பக்கம் இருந்தும் வாடகை பாக்கிக்காரனா நிப்பீங்க. கட்டடத்துலயே மேல காலி வீடு இருந்தா தற்காலிகமா கேட்டுப் பாருங்க, அத விட சீப்பான ஏற்பாடு கிடைக்காது. சொந்தக்காரங்க வீட்ல இருக்குற வரைக்கும் புது ஃப்ரிட்ஜ் எதுக்கு, அவசியம்னா செகண்ட் ஹேண்ட், அதுவும் கைல இருக்குற காசுல.

இப்பல்லாம் ஆப்ல ரெண்டு நிமிஷத்துல வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ்னு விளம்பரம் வருது. நடந்து முடிஞ்ச நஷ்டத்துக்கு அது ஒரு காசும் தராது, சில பாலிசில வாங்கின உடனே கவர் தொடங்காது, சிலதுல பைப் ஒடஞ்சா உண்டு, வெளிய இருந்து வர்ற வெள்ளம்னா கிடையாது. பழைய பொருளுக்கு தேய்மானம் கழிச்சுத்தான் தருவாங்களா, புதுசு வாங்குற விலையானு ஒரு வரி இருக்கும், அத படிக்காம பணம் கட்டாதீங்க.

ஓனருக்கு அனுப்புற மெசேஜ இன்னைக்கே எழுதுங்க. பழைய ஈஎம்ஐ முடியிற அந்த ஆறு மாசத்துக்கு மச்சானோட எந்த கடைக்கும் போகாதீங்க, மாடி வீடு பாக்க வேணா கூட்டிட்டுப் போங்க.