'பொதுநலன்' என்றாலே அரசின் வாக்கு ரத்தாகிவிடுமா?

கேள்வி: புதிய ஆலைகளுக்கு 5 ஆண்டு வரிச் சலுகை என்று மாநில அரசு கொள்கை அறிவித்தது. நம்பிக் கடன் வாங்கி ஆலை தொடங்கினேன். 2 ஆண்டில் 'பொதுநலன் கருதி' என்று ஒரே வரியில் நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு உண்டு. அரசின் வாக்கை நம்பியவர், அரசு அதன்படி நடக்க வேண்டும் என்று கோருவதைச் சட்டத்தில் 'நியாயமான எதிர்பார்ப்பு' என்பார்கள்; அதில் இரண்டு வகை. ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'நிறுத்தும் முன் என் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும்' என்பது நடைமுறை சார்ந்த நியாயமான எதிர்பார்ப்பு. இதில் ஜெயித்தால் நோட்டீஸும் விசாரணையும் கிடைக்கும், அவ்வளவுதான். உங்களைக் கேட்டுவிட்டு அதே முடிவை மறுபடியும் எடுக்கலாம். 'சொன்ன சலுகையைக் கொடுங்கள்' என்பது பலன் சார்ந்த எதிர்பார்ப்பு. பொதுநலன் வாதம் முழு பலத்தோடு வருவது இங்கேதான்.

உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு இருக்கிறது. ஜார்கண்ட் அரசின் 2012 தொழில் கொள்கை, சொந்த மின் நிலையம் வைத்த ஆலைகளுக்கு மின்வரியில் 50 சதவீதச் சலுகையை 5 ஆண்டுக்குத் தருவதாகச் சொன்னது. தேவையான அறிவிக்கைகளை ஒரு மாதத்துக்குள் வெளியிடுவோம் என்றும் அதிலேயே இருந்தது. அறிவிக்கை வந்ததோ 2015 ஜனவரியில், அதுவும் இனிமேலுக்கு மட்டும். பிரம்மபுத்ரா மெட்டாலிக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. தாமதத்துக்கு அரசால் காரணமே சொல்ல முடியவில்லை. அறிவிக்கைக்கு முந்தைய காலத்துக்கும் சலுகை உண்டு என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தன்னிச்சையாக நடக்கக்கூடாது என்ற அரசியலமைப்பின் 14ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை.

சரி, அரசு காரணம் சொன்னால்? வெறும் வார்த்தை போதாது. கேரள மாவட்ட நீதிபதி தேர்வு வழக்கில் (2023) உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது: எதிர்பார்ப்பு நியாயமானது என்று நீங்கள் காட்டிவிட்டால், அதைவிடப் பெரிய பொதுநலன் இருந்ததை ஆதாரத்தோடு காட்டும் பொறுப்பு அரசுக்கு வந்துவிடும். அதனால் உத்தரவுக்குப் பின்னால் இருக்கும் கோப்புக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்போதே கேளுங்கள். முடிவு எடுத்தபோது கோப்பில் இல்லாத ஒரு காரணம், அப்புறம் எதிர் மனுவில் மட்டும் முளைத்தால், அதுவே உங்களுக்குச் சாதகம். நிதி நெருக்கடி பற்றிய கணக்கு, சலுகை தவறாகப் பயன்பட்டதற்கான ஆய்வு போன்றவை அந்தக் கோப்பிலேயே இருந்தால், உங்கள் வழக்கு நிச்சயம் கடினமாகும். சட்டமன்றமே சட்டம் போட்டு சலுகையை நீக்கியிருந்தாலோ, சட்டத்துக்கு முரணாக வாக்குக் கொடுத்திருந்தாலோ இந்த வாதம் எடுபடாது.

தாமதம் வேண்டாம். அந்தக் கேரள வழக்கில் நேர்காணல் முடிந்த பிறகு குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் புகுத்தியது தவறு என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் 6 ஆண்டுகள் ஓடிவிட்டதால், பதவியில் இருந்தவர்களை நீக்குவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று மறுத்துவிட்டது. வழக்குப் போட்டவர்கள் சொன்னது சரி என்றான பிறகும் அந்த வேலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.