ஐந்து நிமிடத் தியானப் பதிவில் பேச்சு எவ்வளவு, மௌனம் எவ்வளவு?

கேள்வி: அம்மாவுக்கு இரவில் எளிதில் தூக்கம் வருவதில்லை. படுத்தபடியே கேட்க, 5 நிமிடத் தியானம் ஒன்றை என் குரலில் பதிவு செய்து தர விரும்புகிறேன். எழுதியதைப் படித்தால் 2 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. மூச்சுக்கும் இடைவெளிக்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும்?

பதில்: வாக்கியங்களைக் கூட்ட வேண்டாம், மூச்சைக் கொண்டு நேரத்தைப் பிரியுங்கள். உள்ளே 4 விநாடி, வெளியே 6 விநாடி என்று வைத்தால் ஒரு மூச்சுக்கு 10 விநாடி ஆகும். 5 நிமிடத்தில் 30 மூச்சுகள் அடங்கும். படுக்கையில் உடலைத் தளர்த்தச் சொல்லும் தொடக்கத்துக்கு 40 விநாடியும், மூச்சை மட்டும் கவனிக்க 6 மூச்சுகளும், உறுதிமொழிகளுக்கு 18 மூச்சுகளும், முடிவுக்கு 20 விநாடியும் ஒதுக்கினால் கணக்கு சரியாக வரும்.

மூச்சுப் பகுதியில் "இழுங்கள், விடுங்கள்" என்று ஏவினால் கேட்பவர் முயற்சி செய்யத் தொடங்கிவிடுவார். "மூச்சு உள்ளே வரட்டும்" என்று 2 விநாடியில் சொல்லி, 2 விநாடி நிறுத்துங்கள். "மெல்ல வெளியே செல்லட்டும்" என்று சொல்லி, 4 விநாடி நிறுத்துங்கள். மூச்சை அடக்கும் கட்டம் வேண்டாம். அம்மாவுக்கு இரைப்பு இருந்தாலோ 10 விநாடி நீளமாகப் பட்டாலோ 3, 5 என்று குறைத்துக்கொள்ளலாம். தலை சுற்றினால் கணக்கை விட்டுவிட்டு இயல்பாக மூச்சுவிடும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உறுதிமொழிகள் மூன்று போதும். ஒவ்வொன்றையும் அடுத்தடுத்து மும்முறை சொல்ல வேண்டும்.

என் உடல் தளர்கிறது.
இன்றைய வேலை முடிந்தது.
நான் ஓய்வில் இருக்கிறேன்.

இவை அம்மா தம் மனத்துக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்ள வேண்டியவை என்பதால்தான் 'நான்', 'என்' என்று அமைந்துள்ளன. "எனக்கு இப்போது தூக்கம் வருகிறது" என்ற வரியைத் தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்டதும் தூக்கம் வந்ததா என்று மனம் சோதிக்கத் தொடங்கி, விழிப்புதான் கூடும்.

ஒரு முறை சொல்வதற்கு இரண்டு மூச்சுகள், அதாவது 20 விநாடி, கொடுங்கள். முதல் மூச்சு உள்ளே செல்லும்வரை பேசாதிருந்து, வெளியேறத் தொடங்கும்போது வரியைச் சொல்லுங்கள். அது 3 விநாடியில் முடிந்துவிடும். அடுத்த மூச்சு முழுவதும் அவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதற்கு உரியது. ஆக, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே 17 விநாடி மௌனம் இருக்கும். ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது மிக நீளமாகத் தோன்றும். உங்கள் பதிவு 2 நிமிடத்தில் முடிவதும் பெரும்பாலும் இதனால்தான். எனவே மனக்கணக்கை நம்பாமல், விநாடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்யுங்கள். பிறகு நீங்களும் படுத்து, அதனுடன் மூச்சுவிட்டுப் பாருங்கள்: வரி வரும்போது மூச்சு இன்னும் உள்ளே சென்றுகொண்டிருந்தால் அந்த இடத்தில் நீங்கள் முந்திவிட்டீர்கள்.

இடைவெளிகளைப் பின்னர் வெட்டி ஒட்டுவதாயின், வெற்று மௌனத்தைச் செருகாதீர்கள். ஒலி அறவே நின்றால் பதிவு அறுந்துவிட்டது என்று எண்ணி அம்மா கண் திறப்பார். அதே அறையில் பேசாமல் 20 விநாடி பதிவு செய்து, அந்த ஒலியை இடைவெளிகளில் நிரப்புங்கள். முடிவில் "கண்களைத் திறங்கள்" என்று எழுப்பவும் வேண்டாம். "இப்படியே இருக்கலாம், அம்மா" என்று சொல்லி, மீதி விநாடிகளில் ஒலி படிப்படியாகத் தேய்ந்து அடங்கட்டும்.