ரப்பர் பேண்டை நீட்டினால் சுருதி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், அளவுகோலையும் ரப்பர் பேண்டையும் வைத்துச் சுருதி, உரப்பு பற்றிச் செய்துகாட்ட வேண்டும். அளவுகோலின் நீளம் கூடினால் சுருதி இறங்குகிறது, சரி. ஆனால் ரப்பர் பேண்டை நீளமாக இழுத்தால் இறங்கவில்லை, சற்று ஏறவே செய்கிறது. பலமாகச் சுண்டினாலும் ஏறுவதுபோல் கேட்கிறது. புத்தகம் தவறா, நாங்கள் செய்வது தவறா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மகளின் காது சரியாகவே கேட்டிருக்கிறது. அவள் காதில் விழுந்ததை அழித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லிவிடாதீர்கள்.

அடிப்படை இதுதான். ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் போய் வருகிறதோ அது அதிர்வெண். அது கூடினால் சுருதி ஏறும். நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகிறதோ அது வீச்சு. அது கூடினால் உரப்பு கூடும். இரண்டும் வேறுவேறு. ஒன்றை மாற்றும்போது மற்றது மாறாமல் பார்த்துக்கொண்டால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு. உங்கள் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவுகோல். 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோலை மேசை விளிம்புக்கு வெளியே 25 செ.மீ. நீட்டிச் சுண்டினால், அது நொடிக்குச் சுமார் 8 முறைதான் ஆடும். கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்க முடியாது. நம் செவிக்கு நொடிக்கு ஏறக்குறைய 20 அதிர்வுகளாவது வேண்டும். அப்படியானால் அப்போது கேட்கிற 'படபட' என்ன? அளவுகோலின் உட்பகுதி மேசைமேல் மோதும் ஓசை. பல வகுப்பறைகளில் அதைத்தான் 'தாழ்ந்த சுருதி' என்று காட்டுகிறார்கள். உள்ளங்கையால் விளிம்பை ஒட்டியே, இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடியுங்கள், படபடப்பு நின்றுவிடும்.

இனி நீளத்தைக் குறையுங்கள். 10 செ.மீ.யில் நொடிக்கு 50 அளவில் அதிர்ந்து, அடித்தொண்டையில் முனகுவதுபோல் ஒலிக்கும். 5 செ.மீ.யில் 200ஐத் தொடும். நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அளவுகோலின் தடிமனும் பொருளும் மாறினால் நான் சொன்ன எண்கள் மாறும். இந்த நான்கு மடங்கு மாறாது.

உரப்பைக் காட்ட நீளத்தைத் தொடாதீர்கள். 6 செ.மீ.யில் நிறுத்தி, நுனியை அரை செ.மீ. வளைத்து விடுங்கள், பிறகு ஒரு செ.மீ. வளைத்து விடுங்கள். ஒலி உரக்கிறது, சுருதி அதே இடத்தில் நிற்கிறது. நீண்ட அளவுகோலையும் குட்டை அளவுகோலையும் பக்கத்தில் வைத்து 'எது அதிக உரப்பு' என்று கேட்பது வீண். தாழ்ந்த ஒலிகளை நம் காது மந்தமாகவே கேட்கும்.

ரப்பர் பேண்டுக்கு வருவோம். 'நீளம் கூடினால் சுருதி குறையும்' என்ற புத்தக விதி ஒரு நிபந்தனையோடு வருகிறது: இழுவிசை மாறக்கூடாது. கையில் பிடித்து நீட்டும்போது அந்த நிபந்தனை முதல் நொடியிலேயே உடைந்துபோகிறது. இழுக்காதபோது 10 செ.மீ. இருக்கும் பேண்டை 20 செ.மீ.க்கு இழுத்து ஒருமுறையும், 30 செ.மீ.க்கு இழுத்து ஒருமுறையும் சுண்டுவதாக வைத்துக்கொள்வோம். நீளம் ஒன்றரை மடங்கு கூடியதால் மட்டும் அதிர்வெண் மூன்றில் இரண்டு பங்காக இறங்க வேண்டும். ஆனால் பேண்ட் மெலிந்துவிட்டது. ஒவ்வொரு சென்டிமீட்டரும் எடை குறைந்துவிட்டதால் அதிர்வெண் 1.22 மடங்கு ஏறும். இயல்பு நீளத்துக்கு மேல் இழுத்த அளவும் 10 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ. ஆகிவிட்டது, இழுவிசை அதற்கேற்ப இரட்டித்தால் அதிர்வெண் இன்னொரு 1.41 மடங்கு ஏறும். மூன்றையும் பெருக்கினால் சுமார் 1.15. அதாவது சுருதி இறங்கவில்லை, சற்றே ஏறியிருக்கிறது. உங்கள் மகள் கேட்டது இதைத்தான். ரப்பர் எல்லா நீளத்திலும் இவ்வளவு ஒழுங்காக இழுபடாது. அதனால் சிலருக்கு மாற்றமே தெரியாமல் போகும்.

நீளத்தை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. உறுதியான, மூடியில்லாத ஒரு பெட்டியின் குறுக்கே பேண்டை மாட்டுங்கள். பெட்டி விளிம்புகளில் பேண்டுக்கு அடியில் விளிம்புக்கு ஒன்றாகப் பென்சில் செருகுங்கள். திறந்த பக்கத்தில் இருக்கும் இழையைச் சுண்டிக் கேளுங்கள். பிறகு அதன் நட்டநடுவை இரண்டு விரல்களால், மேலும் கீழும் இழுக்காமல், இறுகக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு பாதியைச் சுண்டுங்கள். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குப் போனதுபோல் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். விரலால் கீழே அமுக்கினால் இழுவிசை கூடி இன்னும் மேலே போய்விடும், கவனம்.

பலமாகச் சுண்டினால் சுருதி ஏறுவதும் பிரமையல்ல. வீச்சு சுருதியை மாற்றாது என்பது சிறிய வீச்சுக்குப் பொருந்தும் விதி. தளர்வான பேண்டை நடுவில் இரண்டு மூன்று செ.மீ. விலக்கினால், அந்த விலகலே பேண்டை மேலும் நீட்டுகிறது. இழுவிசை அந்த நேரத்துக்குக் கூடுகிறது. ஆகவே தொடக்கத்தில் சுருதி சற்று மேலே இருந்து, ஆட்டம் அடங்க அடங்க வழுக்கிக் கீழே இறங்கும். 'டொய்ங்' என்று கேட்பதில் அந்த வழுக்கல் இருக்கிறது. பேண்ட் எவ்வளவு தளர்வோ அவ்வளவு தெளிவாகக் கேட்கும். இறுக மாட்டினால் ஏறக்குறைய மறைந்துவிடும். எனவே இறுக்கமாக மாட்டி, 2 மி.மீ., 5 மி.மீ. என்று விலக்கிச் சுண்டுங்கள். உரப்பு மட்டும் மாறுவது கேட்கும். பிறகு வேண்டுமென்றே தளர்த்தி, பெரிதாகச் சுண்டி, அந்த வழுக்கலையும் மகளுக்குக் காட்டுங்கள். விதி எங்கே நிற்கிறது என்பதைக் காது வழியாகவே அவள் தெரிந்துகொள்வாள். அளவுகோலில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இரண்டு இடங்களில் ஏமாறாதீர்கள். 'ஒலியியல் கிட்' என்று பெட்டி போட்டு விற்பவர்களிடம் போக வேண்டாம். உள்ளே இருப்பதும் ஒரு பட்டையும் சில ரப்பர் வளையங்களும்தான். கூடவே தயாராக எழுதிய விடைத்தாள் இருக்கும், அதில் 'பேண்டை நீட்டினால் சுருதி குறையும்' என்று அச்சிட்டிருந்தாலும் வியப்பதற்கில்லை. செய்துபார்த்தவர் எழுதியதல்ல அது. செயல்திட்டத்தைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்களும் அதையே நகலெடுக்கிறார்கள். கைப்பேசிச் செயலி காட்டும் ஹெர்ட்ஸ் எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். அது பல நேரம் அடிச்சுருதியை விட்டுவிட்டு அதன்மேல் எழும் மேற்சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். காது சொல்வதற்குச் சரியாக இரண்டு மடங்கு எண் காட்டினால் அதுதான் காரணம்.

எனக்குப் பொறுக்காத விஷயம், கம்பிக்கும் அளவுகோலுக்கும் ரப்பருக்கும் சேர்த்து 'நீளம் கூடினால் சுருதி குறையும்' என்று ஒரே வரியில் எழுதிவைத்து, அந்த வரிக்கே மதிப்பெண் போடுவது. கேட்டதை எழுதிய பிள்ளைக்குச் சுழி, கேட்காததை எழுதியதற்கு முழு மதிப்பெண். இந்த முறையில் காதுக்கு வேலையே இல்லை.

மகள் இப்படி எழுதட்டும்: 'இழுவிசை மாறாமல் நீளத்தைப் பாதியாக்கினேன், சுருதி ஒரு ஸ்தாயி ஏறியது. பேண்டை இழுத்து நீட்டினேன், இழுவிசையும் கூடியதால் சுருதி இறங்கவில்லை.' இதற்கு மதிப்பெண் குறைத்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் எதிரிலேயே இரண்டையும் சுண்டிக்காட்டச் சொல்லுங்கள். பேண்டை 30 செ.மீ.க்கு இழுக்கும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். அறுந்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.