வில்லன் முகத்தை வைத்துக்கொண்டு நல்லவனாக நிற்பது

கேள்வி: வில்லனாகவே பார்த்துப் பழகிய ஒருவரைத் திடீரென்று நல்லவராக நடிக்கவைத்தால் மக்கள் ஏற்பார்களா? ஒரே மாதிரி வேடத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பது இயக்குநர்களின் சோம்பல்தானே?

சோம்பல் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். குறும்படம் எடுக்கும் இளைஞராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கையில் ஒரு முரட்டு முகக்காரர் இருக்கிறார், அவரைப் பாசமுள்ள தகப்பனாகக் காட்ட உங்களுக்கு ஆசை, கூட இருப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அப்படித்தானே?

ஏற்பார்கள். ஆனால் அதற்குக் கதையில் நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரம் கையில் இல்லாதவர்தான் பழைய வேடத்தையே கொடுக்கிறார்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன் நான். பிழைப்புக்கு பஸ் கண்டக்டர். ஊர்த் திருவிழா நாடகங்களில் என்னை வில்லனாகத்தான் எங்கள் மக்களுக்குத் தெரியும். சினிமாவைப் பற்றிக் கேட்டால் ஊர் நாடகக் கதை சொல்கிறானே என்று எழுதத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், சினிமாவுக்கும் வருகிறேன். தெரிந்த முகம் செய்யும் வேலை மணல் மேடையிலும் வெள்ளித்திரையிலும் ஒன்றுதான்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். கந்துவட்டிக்காரர் ஒருவர் கதைக்கு வேண்டும். புதுமுகத்தைப் போட்டால், அவர் கெட்டவர் என்று காட்ட ஒரு காட்சி எழுத வேண்டும். ஏழைப்பெண்ணின் தாலியை அடகுக்குக் கேட்பதுபோல ஏதாவது ஒன்று. என்னைப் போட்டால் அந்தக் காட்சியே வேண்டாம். நான் உள்ளே வந்ததும் கீபோர்டு வாசிப்பவரின் கை தானாக அந்த உறுமல் இசைக்குப் போய்விடும். விளக்குப் போடுகிற பையன் சிவப்பு ஜெலட்டின் தாளைத் தூக்கிப் பிடித்துவிடுவான். மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முதல் வசனத்துக்கு முன்பே ஏச ஆரம்பித்துவிடுவார்கள். எழுதியவருக்குப் பத்து நிமிடம் மிச்சம். அதை நகைச்சுவைக்கோ அழுகைக்கோ செலவு செய்துகொள்வார். இதைச் சோம்பல் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சிக்கனம் என்றும் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு நடிகன் கொடுக்கும் விலை தனி. தவக்காலத்தில் போடும் பாடுகளின் நாடகத்தில் நான் யூதாஸ். பஸ்ஸில் மீதிச் சில்லறை கொடுத்தால் பாட்டிமார் விரல்விட்டு எண்ணுகிறார்கள். "யூதாஸின் கை மக்களே, எண்ணித்தான் வாங்க வேண்டும்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் என் காதுபடவே சொல்கிறார்கள். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் எண்ணாமல் விடுவதில்லை. இயேசு வேடக்காரருக்கோ நேர்மாறான தொல்லை. ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து அவர் டாஸ்மாக் கடை இருக்கிற தெருப்பக்கமே போகக் கூடாது. யாராவது பார்த்துவிட்டால் நேரே பங்குத்தந்தையிடம் புகார் போய்விடும். யூதாஸ் எங்கே போகிறான் என்று எவரும் கேட்பதில்லை, அந்த வகையில் எனக்கு நிம்மதி.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எங்கள் நாடக ஆசிரியர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நாங்கள் சார் என்போம். அவருக்கும் உங்கள் ஆசை வந்தது. கடலில் அடிபட்டுப் படுத்திருக்கும் மருமகனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் மாமனார் வேடத்தை எனக்குக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மீசையை எடுத்தேன், வெள்ளை வேட்டி கட்டினேன், குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகினேன்.

திருவிழா இரவு. மருமகன் கட்டிலில் கிடக்கிறான். மகள் மருந்து வாங்கப் போயிருக்கிறாள். நான் ஒரு கையில் பால் தம்ளரும் மறு கையில் கரண்டியுமாக உள்ளே வருகிறேன். சீனி கலக்க வேண்டும் என்பதால் தம்ளரைக் கலக்கிக்கொண்டே வருகிறேன். அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி எழுந்து நின்று, "மக்களே, குடிக்காதே! விஷம்!" என்று அலறினார். கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. கட்டிலில் கிடந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அதன் பிறகு நான் பேசிய பாசமான வசனம் ஒவ்வொன்றும் அவர்களுக்கு நடிப்பாகவே பட்டது. நான் நடிக்கிறேன் என்பதல்ல, அந்த மாமனார் நல்லவர் போல நடிக்கிறார் என்று! கடைசிக் காட்சி முடிந்து கைகூப்பி நின்றபோதுகூட, உண்மை எப்போது வெளியே வரும் என்று காத்திருந்த முகங்களைப் பார்த்தேன்.

நடிப்பு சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதே நடிப்பை அடுத்த ஊர்த் திருவிழாவில் ஒரு வரி மாற்றாமல் நடித்தேன், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாறியது நடிப்பைச் சுற்றி இருந்தவை.

சார் என்ன செய்தார் என்றால், பால் தம்ளரைக் கதையின் பின்பாதிக்குத் தள்ளினார். என் முதல் காட்சியை நான் தனியாக வராமல் பார்த்துக்கொண்டார். திரை விலகும்போதே நான் மேடையில் இருக்கிறேன், பேத்தியின் கிழிந்த பள்ளிப் பையை ஊசி நூல் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே நுழையும் கெட்டவனுக்கென்று கூட்டம் சேர்த்து வைத்திருக்கும் கூச்சல், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து எழவில்லை. அடுத்து வட்டிக்காரன் ஒருவன் வந்து என்னைக் குரலுயர்த்தித் திட்டுகிறான், நான் தலைகுனிந்து நிற்கிறேன். அப்போது நகைச்சுவைக்காரன் எட்டிப் பார்த்து, "ஊருக்கே வட்டிக்கு விட்டவர் நீர், உமக்கா இந்தக் கதி?" என்று கேட்கிறான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. என் பழைய வேடங்களை நினைத்து அவர்கள் சிரிக்க வேண்டிய சிரிப்பு அங்கேயே தீர்ந்துவிட்டது. பால் தம்ளர் வந்தபோது சத்தமே இல்லை. கீபோர்டுக்காரரிடமும் விளக்குப் பையனிடமும் சார் தனியாகப் பேசியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய படம் 1977இல் வந்த ‘புவனா ஒரு கேள்விக்குறி’. எஸ்.பி. முத்துராமன் இயக்கியது, மகரிஷியின் நாவல். அப்போது ரஜினிகாந்த் எப்படிப்பட்டவராகத் தெரிந்தார் என்பதை இன்று யோசித்துப் பார்ப்பதே கடினம். ‘மூன்று முடிச்சு’ படத்தில் படகிலிருந்து விழுந்த நண்பனைக் காப்பாற்றாமல் துடுப்புப் போட்டவர். ‘அவர்கள்’ படத்தில் மனைவியை வதைக்கும் கணவர். அதே 1977இல்தான் ‘16 வயதினிலே’ பரட்டை. மறுபுறம் சிவகுமார், ‘கந்தன் கருணை’யில் முருகனாகவே நின்றவர். முத்துராமனின் படத்தில் பெண்ணை ஏமாற்றிக் கைவிடுகிறவர் சிவகுமார், அவளுக்கு அடைக்கலம் கொடுக்கிறவர் ரஜினி.

ரஜினியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுவது சிவகுமார். புவனா ஏன் ஏமாந்தாள் என்று பார்ப்பவர் எவரும் கேட்க முடியாது, ஏனென்றால் அந்த முகத்தை நாமும் நம்பித்தான் உட்கார்ந்திருந்தோம். முரட்டு முகக்காரர் ஒருவர் அந்த வேடத்தில் இருந்திருந்தால், இவனைப் போய் நம்பினாளே என்று அவள் மேல்தான் கோபம் வந்திருக்கும். நல்லவர் பிம்பத்தை அழிக்காமல், அதையே ஏமாற்றும் கருவியாக்கிவிட்டார்கள். உங்கள் குறும்படத்துக்கு இந்த வழி மலிவானது. முரட்டு மனிதரை நல்லவராக்க மெனக்கெடுவதைவிட, சாந்தமான முகம் ஒன்றைத் தேடிக் கெட்டவனாக்குங்கள்.

எல்லாப் பிம்பமும் இப்படி வளைந்து கொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். 1956இல் ‘மதுரை வீரன்’ படத்தில் கடைசியில் கொல்லப்படுகிறார், படம் பெரும் வெற்றி. 1962இல் ‘பாசம்’ படத்திலும் இறக்கிறார், ரசிகர்கள் தாங்கவில்லை, படம் எடுபடவில்லை. மதுரை வீரனின் முடிவு கூத்திலும் கோயிலிலும் எல்லோருக்கும் தெரிந்தது, செத்தாலும் அவன் சாமி. ‘பாசம்’ கதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் எம்.ஜி.ஆர். படத்தில் யாரும் வெறும் கதாபாத்திரத்தைப் பார்க்கவில்லை, எம்.ஜி.ஆரையே பார்த்தார்கள் என்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நம்பியாரைச் சொல்லாமல் எந்த வில்லனும் பதிலை முடிக்க முடியாது. சைவ உணவுக்காரர், மது தொடாதவர், ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக ஐயப்ப பக்தர்களைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. நாட்டுக்கே தெரிந்த செய்தி இது. ஆனாலும் திரையில் அவர் கையைப் பிசைந்தால் தியேட்டர் நடுங்கியது. வெளிவாழ்க்கை எல்லா நடிகருக்கும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. கதாநாயகனின் சொந்த வாழ்க்கையை நோண்டிப் பார்க்கிறவர்கள் வில்லனின் பக்தியை ஆச்சரியமாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். 1982இல் பாக்யராஜ் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் அவரை நல்லவராக, சிரிக்கவும் வைப்பவராக நடிக்கவைத்தபோது மக்கள் ரசித்தார்கள். கவனியுங்கள், அங்கேயும் சிரிப்புதான் முதலில் கதவைத் திறக்கிறது.

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது, சொல்லிவிடுகிறேன். இப்போது திருவிழாவில் நாடகத்துக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்? வெளியூர் மெல்லிசைக் குழுவுக்குக் கேட்ட பணத்தைக் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவனுக்குக் கட்டன் சாயாவும் ஒரு வடையும். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மாலையில் பாராட்டுரை, பொன்னாடை, நன்கொடையாளர் பெயர் வாசிப்பு என்று நேரத்தைத் தின்றுவிட்டு, ஒன்பதேகாலுக்கு நாடகக்காரனைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் முடி என்றால் அதில் என்ன செய்ய? பேத்தியின் பையைத் தைக்கும் காட்சிக்கெல்லாம் அங்கே இடமேது?

இந்த ஆண்டு நாடகமும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான். சார் போன வாரம் வீட்டுக்கு வந்து, வேடத்தின் பெயரைச் சொல்லத் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வட்டிக்காரன்தானே சார் என்று நானே கேட்டேன். ஆமாம் என்றார். மீசையை வளர்க்க ஆரம்பித்துவிட்டேன்.