கூப்பன் கேப்ஷனில் சண்டை வரும் இடம்

கேள்வி: ஆன்லைனில் சின்னதாக விற்பனை செய்கிறேன். தள்ளுபடி கூப்பனுக்கு கேப்ஷன் எழுத வேண்டும். கோட், கடைசி தேதி, நிபந்தனை எல்லாம் அதிலேயே புரிய வேண்டும். பில் போடும்போது "இதை முன்னாடியே சொல்லலையே" என்று யாரும் கேட்கக் கூடாது. எப்படி எழுதுவது?

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அது எதையுமே சொல்வதில்லை. நிபந்தனை இருக்கிறது என்று மட்டும் சொல்லி, என்னவென்று மறைக்கிறது.

பெரும்பாலான சண்டை உச்சவரம்பில்தான் வரும். 25% தள்ளுபடி, குறைந்தது 800-க்கு வாங்க வேண்டும், தள்ளுபடி 300-ஐத் தாண்டாது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். 800-க்கு வாங்கினால் 200 குறையும். 1200-க்கு வாங்கினால் 300. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் அதே 300தான். 2000-க்கு வாங்கியவர் 500 குறையும் என்று நினைத்து வந்திருப்பார்; அவருக்குக் கிடைப்பது 15%தான். 25 என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு 300-ஐக் கடைசி வரியில் ஒளித்தால் ஏமாற்றிவிட்டீர்கள் என்றுதான் அவர் சொல்வார். சதவீதமும் உச்சவரம்பும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். இப்படி எழுதினால் கவர்ச்சி போய்விடும் என்று விளம்பரம் தெரிந்தவர்கள் வாதாடுவார்கள். போகட்டும். பில்லைப் பார்த்துவிட்டு பாதியில் விட்டுப் போகிறவரால் உங்களுக்கு என்ன லாபம்?

அடுத்தது அந்த 800 எந்த 800 என்பது. ஏற்கெனவே விலை குறைத்த பொருட்களுக்குக் கூப்பன் கிடையாது என்றால், ஒருவர் 700-க்குச் சாதாரணப் பொருளும் 300-க்கு விலை குறைத்த பொருளும் எடுத்திருக்கலாம். அவர் கண்ணுக்கு மொத்தம் 1000. உங்கள் மென்பொருள் 700-ஐ மட்டும் எண்ணி, கோட் செல்லாது என்று சொல்லலாம். அப்படித்தான் எண்ணுகிறது என்றால் அந்தப் பொருட்கள் 800 கணக்கிலும் சேராது என்பதையும் எழுத வேண்டும். டெலிவரிக் கட்டணம் சேருமா என்பதும் இதே வகைதான்.

தேதிக்கு 5/6 என்று எழுதாதீர்கள். ஐந்தாம் மாதமா ஆறாம் மாதமா என்பது படிப்பவர் பழக்கத்தைப் பொறுத்து மாறும். மாதத்தின் பெயரை எழுதுங்கள், கிழமையும் போடுங்கள். "30-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி வரை" என்றால் அது 30 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இரவு 11:59 என்றால் குழப்பமில்லை. சில மென்பொருள்களில் நேரம் கொடுக்காமல் தேதி மட்டும் கொடுத்தால், அந்த நாள் தொடங்கும்போதே கோட் காலாவதியாகிவிடும். கேப்ஷன் 30 வரை என்று சொல்லும். கோட் 29-ஆம் தேதி இரவோடு போயிருக்கும். இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

கோட் தனி வரியில் இருக்க வேண்டும், பின்னால் முற்றுப்புள்ளி கூடாது. நகலெடுக்கும்போது புள்ளியும் சேர்ந்து வந்து கோட் தவறு என்று காட்டும். O எழுத்தும் 0 எண்ணும், I எழுத்தும் 1 எண்ணும் குழப்பும், நான்கையுமே தவிருங்கள். படத்துக்குள் மட்டும் கோட் போடுவது இன்னொரு தொல்லை, எளிதாக நகலெடுக்க முடியாது. (கோட் வேண்டுமென்றால் போன் எண் கொடு என்று கேட்டு, பிறகு மாதக்கணக்கில் செய்தி அனுப்புகிறவர்களைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.)

மேலே சொன்ன கணக்குக்கு கேப்ஷன் இப்படி வரும்:

25% தள்ளுபடி, அதிகபட்சம் 300
கோட்:
NALAM25
800 அல்லது அதற்கு மேல் வாங்கினால் செல்லும். டெலிவரிக் கட்டணம் இதில் சேராது.
ஏற்கெனவே விலை குறைத்த பொருட்களுக்குத் தள்ளுபடி இல்லை. 800 கணக்கிலும் அவை சேராது.
2026 ஜூன் 30, செவ்வாய், இரவு 11:59-க்குள் ஆர்டர் செய்தால் போதும். டெலிவரி பிறகு வரலாம்.
ஒரு போன் எண்ணுக்கு ஒரு முறை. வேறு கூப்பனோடு சேராது.

"ஒருவருக்கு ஒரு முறை" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. மென்பொருள் ஆளைப் பார்ப்பதில்லை. போன் எண்ணையோ மின்னஞ்சலையோதான் பார்க்கிறது. ஒரே எண்ணை வைத்திருக்கும் கணவன் மனைவியில் இரண்டாமவருக்கு கோட் செல்லாது. உங்கள் மென்பொருள் எதைப் பார்க்கிறதோ அதை எழுதுங்கள்.

வெளியிடும் முன் நான்கு கூடைகளில் கோட் போட்டுப் பாருங்கள்: 799-க்கு மறுக்க வேண்டும், 800-க்கு 200 குறைய வேண்டும், 2000-க்கு 300 மட்டும் குறைய வேண்டும், 700-ம் 300-ம் கலந்த கூடைக்கு மறுக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் வேறு விடை வந்தால், கேப்ஷனையோ மென்பொருள் அமைப்பையோ திருத்திவிட்டு நான்கையும் மறுபடி ஓட்டுங்கள்.