ஒரே சம்பளம், ஆறு பேர்: அவசர நிதி எவ்வளவு?

"நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாம் என் பொறுப்பு. மூன்று மாதச் சம்பளத்தை அவசர நிதியாக வைத்தால் போதுமா?"

போதாது. இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனாலும் இன்னொரு சம்பளம் வரும். துண்டு விழும் தொகையை மட்டும் சேமிப்பு சரிக்கட்டினால் போதும். உங்களுக்கு வரவு ஒரேயடியாக நின்றுவிடும்.

முதலில் சம்பளத்தை மறந்துவிட்டு, வேலை இல்லாத மாதத்தில் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பாருங்கள். கைக்கு வரும் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுத் தவணை 30, சாப்பாடும் மின்சாரமும் 22, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 10, பெரியவர்களின் மருந்து 8, காப்பீட்டுத் தவணை 3, துணிமணி, வெளியே போய்வருவது 12. மொத்தம் 85, மீதி 15 சேமிப்பு.

வேலை போனால் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று நினைப்போம். நடக்காது. கடைசியில் சொன்ன 12 மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அது 3 ஆகலாம். ஆனால் அலுவலகம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போனால் அதை நாமே வாங்க வேண்டும், அதற்கு 4 என்று வையுங்கள். ஆக 80. இத்தனை பேர் இருக்கும் வீட்டில் செலவு அவ்வளவுதான் இறங்கும்.

அடுத்தது மாதக் கணக்கு. உங்கள் துறையில், உங்கள் அனுபவத்தில், சமீபத்தில் வேலை தேடியவர்களுக்கு எத்தனை மாதம் பிடித்தது என்று விசாரியுங்கள். 5 மாதம் என்றால் 6 ஆக வையுங்கள், ஏனென்றால் புது இடத்தில் முதல் சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். 80 வீதம் 6 மாதத்துக்கு 480. அப்புறம், பெரியவர்கள் இருவர் இருப்பதால் காப்பீடு தராமல் விடும் மருத்துவமனைச் செலவுக்கென்று ஒரு தொகை தனியாக வேண்டும். அதை 60 என்று வைத்தால் மொத்தம் 540, கிட்டத்தட்ட ஐந்தரை மாதச் சம்பளம். மாதம் 15 சேர்த்தால் இதற்கு மூன்று வருடம் ஆகும். அதனால் முதலில் அந்த 60, பிறகு இரண்டு மாதச் செலவு என்று படிப்படியாகப் போங்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை மருத்துவமனையில் படுத்துவிட்டேன். பணம் இருந்தது, ஆனால் முழுவதும் என் ஒருவன் பெயரில். என் மனைவியால் எடுக்க முடியவில்லை. பதினொரு நாள் கடன் வாங்கிச் சமாளித்தாள். வாரிசு நியமனம் நம் காலத்துக்குப் பிறகுதான் உதவும். அதனால் கணக்கை இருவர் பெயரிலும், யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கும்படி மாற்றுங்கள். ஒரு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விட்டு, மீதியை ஒரே நிரந்தர வைப்பாகப் போடாமல் நான்கைந்தாகப் பிரியுங்கள். அவசரத்தில் ஒன்றை உடைத்தாலும் மற்றவற்றின் வட்டி போகாது.

நீங்களே இல்லாமல் போனால் என்ன என்ற கேள்விக்கு இந்த நிதி பதில் ஆகாது. அது ஆயுள் காப்பீட்டின் வேலை, இந்தக் கணக்கோடு சேர்க்காதீர்கள்.