நாயகன் ஏன் பாதாளத்துக்குப் போகிறான்?

கேள்வி: காவியங்களிலும் ஃபேன்டசி கதைகளிலும் நாயகன் பாதாளத்துக்குப் போய் வருகிறானே, அதற்கு என்ன அர்த்தம்?

உயிரோடு இருப்பவர் இறந்தவர்களின் உலகத்துக்குப் போய்த் திரும்புவதுதான் இது. கிரேக்கத்தில் இதற்குக் ‘கட்டபாசிஸ்’ என்று பெயர், அதாவது கீழே இறங்குதல். உயிரோடு இருப்பவர்களால் சொல்ல முடியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளவே பெரும்பாலும் போகிறார்கள்.

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில், வீடு திரும்பும் வழியை இறந்துபோன குறிசொல்லி டைரீசியஸிடம் கேட்க நாயகன் ஒடிசியஸ் போகிறான். குழி தோண்டி ஆட்டு ரத்தத்தை ஊற்றுகிறான். அதைக் குடித்தால்தான் ஆவிகள் உண்மை பேசும். அந்தக் கூட்டத்தில் அவன் அம்மாவும் நிற்கிறாள். அவள் இறந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. மூன்று முறை கட்டிப்பிடிக்கப் பார்க்கிறான், மூன்று முறையும் நிழலாக நழுவிவிடுகிறாள். எனக்கு முழுக் காவியத்திலும் மனதை உலுக்கும் இடம் இதுதான்.

இதை நம் வாழ்க்கையிலும் பார்க்கலாம். பெற்றோர் போன பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டில் பத்திரம் தேடப் போகிறோம். பீரோவைத் திறந்ததும் அம்மாவின் புடவை வாசனை வருகிறது. பத்திரம் கிடைக்கிறது, ஆனால் போன மாதிரியே திரும்புவதில்லை. பாதாளம் குறிப்பது அந்த மாற்றத்தை. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் மோரியா சுரங்கத்தில் விழும் மந்திரவாதி கேண்டால்ஃப் வெள்ளை உடையில் திரும்புவதும் இதன் தொடர்ச்சியே.

பாதாளம் என்றதும் பலர் நரகம் என்று நினைக்கிறார்கள். ஹோமரின் ஹேடீஸ் அப்படியல்ல, நல்லவர் கெட்டவர் எல்லாரும் போய்ச் சேரும் இடம் அது.